உப்புக்கும் மருந்துக்கும் நடுவில்: லித்தியத்தின் கதை

1949 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒரு அவசர அறிவித்தலை விட்டது. கடையில் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் சில 'உப்பு மாற்று'களை இனி யாரும் சாப்பாட்டில் போட வேண்டாம் என்பதுதான் அது. அந்தப் போத்தல்களுக்குள் இருந்தது லித்தியம் குளோரைட்டு. அதைச் சாப்பாட்டில் சேர்த்தவர்களில் பலர் நடுக்கமும் தள்ளாட்டமும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள், சிலர் செத்தும் போயிருந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இந்த நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தன.

அதே 1949 செப்டெம்பரில் அவுஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையில் சில பக்கக் கட்டுரையொன்று வந்தது. வருடக்கணக்காக மேனியாவில், அதாவது அடங்காத மனக்கிளர்ச்சியில் கிடந்தவர்கள் ஒரு உப்பைக் கொடுத்ததும் தணிந்து வீடு போனார்கள் என்று அது சொன்னது. அந்த உப்பும் லித்தியம்தான்.

ஒரே பொருள், ஒரே வருடம். ஒரு கண்டத்தில் அதைக் குப்பையில் எறிகிறார்கள், இன்னொரு கண்டத்தில் அது மருந்தாகிறது. இது எப்படி எண்டு கேட்டால், "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. லித்தியத்தைப் பொறுத்தவரை, 'அளவு' என்பது குளிசையில் எழுதியிருக்கும் எண் மட்டும் இல்லை. நீங்கள் இன்றைக்கு எவ்வளவு உப்புச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு வியர்த்தீர்கள், வயிற்றோட்டம் ஏதும் இருந்ததா என்பதும் அதற்குள் அடக்கம். இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு இருபது வருடம் எடுத்தது. அந்த இருபது வருடத்தின் கதைதான் இது.

யாருக்கு அந்தப் போத்தலை விற்றார்கள்?

முதலில் அமெரிக்க விபத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உப்பு மாற்றை வாங்கியவர்கள் யார்? சுகதேகிகள் இல்லை. உயர் குருதியழுத்தம் உள்ளவர்கள், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்கள், சிறுநீரக வருத்தக்காரர்.

1940களில் உயர் குருதியழுத்தத்துக்கு நல்ல குளிசைகள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இன்றைக்குச் சாதாரணமாக எழுதித் தரும் தயசைட் என்ற சிறுநீர்பெருக்கிக் குளிசை வந்ததே 1950களின் கடைசியில்தான். ஆகவே வைத்தியர்களின் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற வைத்தியர் நோயாளிகளுக்கு வெறும் சோறும் பழமும் சீனியும் கொடுத்து, உப்பைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்திக் குருதியழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். அது பலன் தந்தது. ஆனால் உப்பில்லாத சோற்றை மாதக்கணக்காகச் சாப்பிட யாரால் ஏலும்?

அந்த இடத்தில்தான் லித்தியம் குளோரைட்டு வந்தது. ஆவர்த்தன அட்டவணையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். முதல் நிரலில் ஐதரசனுக்குக் கீழே லித்தியம், அதற்குக் கீழே சோடியம், பிறகு பொட்டாசியம். லித்தியமும் சோடியமும் அண்ணன் தம்பி மாதிரி. லித்தியம் குளோரைட்டு நாக்குக்கும் உப்பு மாதிரித்தான் கரிக்கும், ஆனால் அதில் சோடியம் இல்லை. உப்பு வேண்டாம் என்ற நோயாளிக்கு இதைவிட நல்ல பொருள் ஏது என்று நினைத்தார்கள்.

ஏமாந்தது நாக்கு மட்டும் இல்லை, சிறுநீரகமும்தான். இந்தக் கதை முழுவதுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. 1949இல் அது யாருக்கும் விளங்கவில்லை. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: லித்தியம் நஞ்சு. அந்தப் பெயர் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது, அது போக 1970 வரை எடுத்தது.

மெல்பேர்ணில் ஒரு பழைய சாமான் அறை

இனி மற்றக் கண்டம். ஜோன் கேட் ஒரு மனநல வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் விழுந்தபோது யப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கி சிறை முகாமில் மூன்றரை வருடம் கிடந்தவர். திரும்பி வந்து மெல்பேர்ணில், பண்டூரா என்ற இடத்தில், முன்னாள் படைவீரருக்கான மனநல ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். ஆய்வுகூடம் என்று அவருக்குக் கிடைத்தது பாவிக்காமல் கிடந்த ஒரு சமையல் சாமான் அறை. பரிசோதனை விலங்குகள் கினிப் பன்றிகள்.

அவருடைய கருதுகோள் இதுதான்: மேனியா என்பது உடம்பில் ஏதோ ஒரு பொருள் கூடிப்போவதால் வருகிறது. கூடினால் அது சிறுநீரில் வரவேண்டும். ஆகவே நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியால் ஏற்றினார். யூரிக் அமிலம் அதில் என்ன செய்கிறது என்று பார்க்க அதைக் கரைக்க வேண்டியிருந்தது. யூரிக் அமிலத்தின் உப்புகளில் நன்றாகக் கரைவது லித்தியம் யூரேற்று. அதற்காகத்தான் லித்தியத்தைக் கையில் எடுத்தார். எடுத்துப் பார்த்தால், லித்தியம் ஏற்றிய கினிப் பன்றிகள் மல்லாக்கப் போட்டாலும் துள்ளாமல், சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தன.

அந்த அமைதி அனேகமாக நச்சுத்தன்மையின் ஆரம்பம் என்றுதான் இன்றைக்குச் சொல்கிறார்கள். கருதுகோளும் பிழை. ஆனால் அந்தப் பிழையான வழியால் போய் அவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார். முதலில் தானே லித்தியத்தைக் குடித்துப் பார்த்தார். உடனே ஒன்றும் ஆகவில்லை. பிறகு நோயாளிகள்.

டபிள்யூ. பி.

கட்டுரையில் முதலாவது நோயாளி டபிள்யூ. பி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படுகிறார். வயது 51. ஐந்து வருடமாக விடாத மேனியா. ஓய்வில்லாமல், அழுக்காக, எதையாவது உடைத்துக்கொண்டு, எல்லோருடைய அலுவலிலும் தலையிட்டுக்கொண்டு இருந்தவர். வாட்டில் எல்லோருக்கும் தொந்தரவு. மிச்சக் காலமும் அங்கேயேதான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

1948 மார்ச் 29ஆம் திகதி அவருக்கு லித்தியம் சித்திரேற்று ஆரம்பித்தார்கள். ஒரு வேளைக்கு 20 கிரெய்ன், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கிரெய்ன் என்பது பழைய மருந்து நிறை, ஒன்று கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். நாலாம் நாள் ஏதோ மாற்றம் தெரிகிற மாதிரி இருந்தது. ஆனால் அன்றைக்கு ஏப்ரல் முதலாம் திகதி, தன்னுடைய ஆசைதான் கண்ணில் தெரிகிறதோ என்று கேட் சந்தேகப்பட்டார். சந்தேகம் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் டபிள்யூ. பி. தேறுகிறவர்களின் வாட்டுக்கு மாறினார். அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஜூலை 9ஆம் திகதி லித்தியம் காபனேற்றுக் குளிசையோடு வீட்டுக்குப் போனார். பழைய வேலைக்கும் திரும்பினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நல்லம். சுகமாயிருக்கிறவருக்குக் குளிசை ஏன் என்று, காலப்போக்கில் அவர் மருந்தைக் கைவிட்டார். சில வாரத்தில் மேனியா திரும்பியது. 1949 ஜனவரி 30ஆம் திகதி மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் லித்தியம், மறுபடியும் தேறினார்.

செப்டெம்பரில் கட்டுரை வந்தபோது அதில் இருந்த டபிள்யூ. பி. இதுவரைதான். மிச்சம் ஆஸ்பத்திரிக் குறிப்புகளில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு நச்சுக் குறிகள் வரத் தொடங்கின. மருந்தை நிறுத்தினால் மேனியா மூர்க்கமாகத் திரும்பும். மருந்தைக் கொடுத்தால் வயிற்றைக் குழப்பும், உடம்பு தளரும். நிறுத்துவதும் தொடங்குவதுமாக இழுபட்டது. 1950 மே மாதத்தில் அவருடைய நிலை மிக மோசம். மேனியா தானே உயிரை எடுத்துவிடும் போல இருந்ததால் லித்தியத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். சில நாட்களில் வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. மே 23ஆம் திகதி இறந்தார். மரண விசாரணை லித்திய நஞ்சையும், நீண்ட மேனியாவால் வந்த களைப்பையும், ஊட்டக் குறைவையும் காரணமாகச் சொன்னது.

அந்த மூன்று காரணத்தையும் இன்றைய அறிவோடு ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேனியா உச்சத்தில் இருக்கும் ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார், தண்ணி குடிக்க மாட்டார், ஓய்வில்லாமல் அலைந்து வியர்ப்பார். உப்பும் நீரும் வற்றிய உடம்பு அது. அப்படியான உடம்பில் லித்தியம் வெளியே போகாது, தேங்கும். அந்த மூன்றும் தனித்தனிக் காரணங்கள் இல்லை, ஒன்றையொன்று பிடித்து இழுத்தவை. கேட்டுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர் இரத்தத்தில் லித்தியத்தை அளக்கவில்லை, கண்ணால் பார்க்கிற குறிகளை வைத்தே அளவைத் தீர்மானித்தார். அந்த மரணத்துக்குப் பிறகு தன்னுடைய ஆஸ்பத்திரியில் லித்தியத்தையே நிறுத்திவிட்டார்.

சிறுநீரகத்தின் கணக்கு

இப்போது அந்தச் சாவிக்கு வருவோம். இதை ஒரு தரம் விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

லித்தியத்தை ஈரல் உடைப்பதில்லை. அது ஒரு தனிமம், உடைக்க அதில் ஒன்றும் இல்லை. உடம்பை விட்டுப் போக அதற்கு இருக்கும் ஒரே பெரிய வாசல் சிறுநீரகம். சிறுநீரகம் வேலை செய்யும் விதமோ கொஞ்சம் விசித்திரமானது. வேண்டாததை மட்டும் பொறுக்கி எறிவதில்லை. முதலில் இரத்தத்தில் கரைந்திருக்கும் சின்னப் பொருட்களையெல்லாம் வடித்து வெளியே தள்ளும். பிறகு அந்த வடிதிரவம் நுண்குழாய்கள் வழியே போகும்போது தேவையானதைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும். வீட்டைத் துப்புரவாக்க எல்லாச் சாமானையும் முற்றத்தில் போட்டுவிட்டு, வேண்டியதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிற மாதிரி.

சோடியம் உடம்புக்கு முக்கியம். ஆகவே அதைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடும். குழாயின் முதற்பகுதியில் சோடியத்தையும் நீரையும் உள்ளே இழுக்கும்போது, சோடியத்தின் தம்பியாகிய லித்தியத்தையும் சேர்த்தே இழுக்கிறது. வித்தியாசம் தெரிவதில்லை. டென்மார்க்கில் கிளவுஸ் தொம்சனும் மொகன்ஸ் ஸ்கௌவும் 1968இல் மனிதரில் இதை அளந்து காட்டினார்கள். வடிகட்டப்படும் லித்தியத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு திரும்ப உள்ளே வருகிறது. ஐந்தில் ஒரு பங்குதான் சிறுநீரோடு வெளியே போகிறது.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வடிகட்டப்படும் லித்தியம் 100 என்று வையுங்கள். 80 திரும்ப வருகிறது, 20 வெளியே போகிறது. தினமும் குளிசையால் உள்ளே வருவதும் அந்த 20 வழியாக வெளியே போவதும் சமமாக இருக்கும்வரை இரத்தத்தில் அளவு ஒரே மட்டத்தில் நிற்கும். அது லீற்றருக்கு 0.8 மில்லிமோல் என்று வைப்போம். நல்ல அளவு.

இப்போது அந்த ஆளுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம். உப்பும் நீரும் போய்விட்டது. சிறுநீரகம் பயந்து, சோடியத்தை முன்னையைவிட இறுக்கிப் பிடிக்கிறது. லித்தியமும் கூடவே மாட்டுகிறது. 80க்குப் பதிலாக 85 திரும்ப வருகிறது. பார்க்க ஐந்துதான் வித்தியாசம். ஆனால் வெளியே போவது 20இலிருந்து 15ஆகிறது, அதாவது கால்வாசி குறைந்துவிட்டது. குளிசை அதே அளவு உள்ளே போய்க்கொண்டிருக்க, வாசல் கால்வாசி அடைபட்டால், இரத்த அளவு மூன்றிலொரு பங்கு ஏறித்தான் திரும்பச் சமநிலைக்கு வரும். 0.8 என்பது 1.07 ஆகும். 90 திரும்ப வந்தால் வெளியே போவது பாதி. இரத்த அளவு இரட்டிக்கும்: 1.6.

இது விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு, உடம்பு இவ்வளவு நேர்த்தியாக நடப்பதில்லை. ஆனால் திசை இதுதான். இப்போது அந்த எண்களைப் பாருங்கள். நீண்டகாலப் பாதுகாப்புக்குப் பொதுவாகத் தேவையான அளவு 0.6இலிருந்து 0.8 வரை, மேனியா உச்சத்தில் 1.0 மட்டும். 1.5ஐத் தாண்டினால் நச்சுக் குறிகளை எதிர்பார்க்கலாம், 2.0க்கு மேலே உயிராபத்து. ஒரு குளிசைகூடக் கூட்டிப் போடாமல், வெறும் வயிற்றோட்டத்தால் ஒரு ஆள் மருந்திலிருந்து நஞ்சுக்குப் போகலாம். குறுகிய இடைவெளி மருந்து என்று சொல்வது இதைத்தான். பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையில் கால் வைக்க ஒரு சின்ன வரப்புத்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. லித்தியம் கூடினால் வரும் முதற்குறிகளில் சத்தியும் வயிற்றோட்டமும் உண்டு. அவை வந்தால் இன்னும் நீர் வற்றும், இன்னும் லித்தியம் தேங்கும், இன்னும் சத்தி வரும். அதனால்தான் நிலைமை ஒரு தரம் சரியத் தொடங்கினால் வேகமாகச் சரிகிறது.

இப்போது 1949 பெப்ரவரிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். உப்பு மாற்றை வாங்கியவர்கள் சோடியத்தை முழுதாக நிறுத்தியவர்கள். அவர்களுடைய சிறுநீரகங்கள் ஏற்கெனவே உப்புக்காக ஏங்கிக்கொண்டிருந்தன. அப்படியான உடம்புகளுக்குள்தான் எந்த அளவும் சொல்லாமல், ருசிக்கு ஏற்றமாதிரித் தூவச் சொல்லி லித்தியத்தை அனுப்பினார்கள். லித்தியத்தை வெளியேற்ற மிகக் குறைந்த வசதி உள்ள ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்த மாதிரி அது.

சுடரில் தெரிந்த சிவப்பு

கேட் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர்கள் தொடங்கினார்கள். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் டிரவுட்னர் என்ற ஆய்வாளர் கேட்ட கேள்வி எளிமையானது: கொடுக்கும் லித்தியம் உடம்பில் எங்கே போகிறது, எவ்வளவு தங்குகிறது? அதை அறிய சுடர் ஒளிமானி என்ற கருவி கைகொடுத்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சுடர்ச் சோதனை செய்திருப்பீர்கள். சோடியம் மஞ்சளாக எரியும், லித்தியம் கருஞ்சிவப்பாக எரியும். அந்தச் சிவப்பு எவ்வளவு பிரகாசம் என்பதை அளந்தால், இரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று சொல்லலாம். 1955இல் டிரவுட்னர் குழு லித்தியம் உடம்பில் தங்குவதையும் வெளியேறுவதையும் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. நோயாளியின் முகத்தைப் பார்த்து அளவு சொல்லும் காலம் அங்கே முடியத் தொடங்கியது.

டென்மார்க்கில் மொகன்ஸ் ஸ்கௌ 1954இலேயே ஒரு பரிசோதனையை வெளியிட்டிருந்தார். சில நோயாளிகளுக்கு லித்தியமா வெறும் குளிசையா என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். ஸ்கௌவுக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை, அவருடைய சொந்தத் தம்பியே திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வால் அவதிப்பட்டவர். பிறகு போல் பாஸ்ட்ரப் என்பவரோடு சேர்ந்து, லித்தியம் வந்த நோயைத் தணிப்பதோடு இனி வரப்போகும் நோயையும் தடுக்கிறது என்று காட்டினார். 1970இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், லித்தியத்தில் நன்றாக இருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இருபக்கமும் தெரியாதபடி வெறும் குளிசை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் வெறும் குளிசை எடுத்த 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதே வருடம் அமெரிக்காவும் லித்தியத்தை மருந்தாக அங்கீகரித்தது. உப்பு மாற்று விபத்துக்கு 21 வருடத்துக்குப் பிறகு.

இன்றைக்கும் லித்தியம் எடுப்பவருக்கு இரத்தம் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: "கடைசிக் குளிசை எப்ப போட்டனீங்கள்?" பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு முன் என்பதுதான் வேண்டிய பதில். குளிசை போட்ட சில மணித்தியாலத்தில் இரத்த அளவு உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கும். இரவு ஒன்பதுக்குப் போட்டவர் காலை ஒன்பதுக்கு இரத்தம் கொடுத்தால்தான் அந்த எண்ணை மற்ற எண்களோடு ஒப்பிடலாம். காலைக் குளிசையையும் போட்டுவிட்டுப் போனால் பொய்யாகக் கூடக் காட்டும். அளவை மாற்றிய அடுத்த நாளே இரத்தம் எடுப்பதிலும் பிரயோசனம் இல்லை. புதிய சமநிலைக்கு வர ஐந்து தொடக்கம் ஏழு நாள் வேண்டும்.

அதே அளவு, வேறு குளிசை

இந்த வரப்பில் நடப்பது லித்தியம் மட்டும் இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின், இதயத்துக்கான டிகொக்சின், வலிப்புக்கான பெனிற்றோயின் எல்லாம் இந்த வகைதான். ஒவ்வொன்றையும் தள்ளிவிடும் காரணம் வேறு. ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் யாரும் எதையும் மாற்றியதாகவே நினைக்கவில்லை.

1968இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில், வருடக்கணக்காகப் பெனிற்றோயின் எடுத்துச் சுகமாக இருந்த வலிப்பு நோயாளிகள் பலர் ஒரே காலத்தில் தள்ளாடத் தொடங்கினார்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தது, சத்தி வந்தது. எல்லாம் பெனிற்றோயின் கூடியதற்கான குறிகள். ஆனால் அளவை யாரும் கூட்டவில்லை. தேடிப் பார்த்தபோது, மாறியிருந்தது வில்லைக்குள் இருக்கும் நிரப்பி. மருந்து சிறிதளவுதான் இருக்கும் என்பதால் வில்லையை நிறைக்க ஒரு சும்மாப் பொருள் போடுவார்கள். முன்பு கல்சியம் சல்பேற்று இருந்தது, அதற்குப் பதிலாக லக்ரோசு போட்டிருந்தார்கள். கல்சியம் மருந்தில் ஒரு பங்கைக் குடலில் பிடித்துவைத்து உள்ளே போகவிடாமல் வைத்திருந்தது. அது போனதும் அதே 100 மில்லிகிராமிலிருந்து கூடுதலான மருந்து இரத்தத்துக்குப் போனது. பெனிற்றோயினை உடைக்கும் ஈரலின் வேலைக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கிட்ட நிற்கும்போது கொஞ்சம் கூடினாலும் இரத்த அளவு பாய்ந்து ஏறும்.

ஆகவே இந்த வகை மருந்து எடுப்பவருக்கு பாமசியில் "அதே மருந்துதான், கொம்பனி வேற" என்று தந்தால், கிளினிக்கில் அதைச் சொல்லிவிடுவது நல்லம்.

எங்களுடைய வெய்யிலில்

இந்தக் கதை மெல்பேர்ணிலும் கொப்பன்ஹேகனிலும் நடந்தது. ஆனால் வியர்வையும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் எங்களிடம் குறைவில்லை. வீட்டில் யாராவது லித்தியம் எடுத்தால், மேலே சொன்ன கணக்கிலிருந்து நேரே வரும் சில விசயங்கள் இவை.

உப்பு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கூடச் சாப்பிடவும் தேவையில்லை, குறைக்கவும் தேவையில்லை, திடீரென்று மாற்றக்கூடாது. "பிரஷருக்கு நல்லம்" என்று ஒரே நாளில் உப்பை நிறுத்தினால் லித்தியம் ஏறும். மறுவளமாக, உப்பைத் திடீரென்று கூட்டினால் லித்தியம் அதிகமாக வெளியேறி அளவு இறங்கும், நோய் திரும்பலாம். உண்ணாவிரதமோ நோன்போ பிடிக்கிறவர் முதலே வைத்தியரிடம் கதைத்துவிட வேண்டும். காலையிலிருந்து தண்ணி இல்லாமல் இருப்பது அவருக்கு வெறும் பக்தி விசயம் இல்லை.

நோவுக் குளிசைகளில் கவனம். ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் மாதிரியானவை சிறுநீரகத்தில் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். நாரி நோகுது என்று கடையில் வாங்கி ஒரு கிழமை போட்டாலே போதும். சாதாரண நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பு. பிரஷருக்குத் தரும் தயசைட் சிறுநீர்பெருக்கிகளும், எனலாபிரில், லொசார்ட்டன் வகைகளும் லித்தியத்தைக் கூட்டும். வேறொரு கிளினிக்கில் வேறொரு வைத்தியர் எழுதும்போது லித்தியம் எடுப்பதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

குறிகளை எப்படிப் பிரித்தறிவது? லித்தியம் எடுப்பவருக்கு விரலில் மெல்லிய நடுக்கம் வழமையாகவே இருக்கலாம், தாகமும் கூட இருக்கலாம். அது பயப்பட வேண்டியதில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாதபடி கை பெரிதாக ஆடுவது, வெறிகாரர் மாதிரித் தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, சத்தி, வயிற்றோட்டம், வழமையில்லாத நித்திரைத் தூக்கம், தசைகள் துடிப்பது, இவைதான் ஆபத்துக் குறிகள். "இரவு நித்திரை இல்லை, அதுதான்" என்று விட்டுவிடக்கூடாது. அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்த அளவு பார்க்க வேண்டும். தாமதித்தால் உயிர் தப்பினாலும் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி உப்பையும் நீரையும் திரும்பக் கொடுப்பார்கள். கடுமையாக இருந்தால் டயலிசிஸ் மூலம் லித்தியத்தை நேரடியாக எடுப்பார்கள். லித்தியம் சின்னது, புரதத்தோடு ஒட்டாது என்பதால் அதில் நன்றாக வெளியே வரும்.

வயிற்றோட்டமோ காய்ச்சலோ தொடங்கியவுடனேயே, குறிகள் வரும்வரை காத்திராமல், கிளினிக்கோடு தொடர்புகொண்டு லித்தியத்தை இடைநிறுத்துவதா என்று கேட்க வேண்டும். ஜீவனி மாதிரியான கரைசல் இங்கே வெறும் தண்ணியைவிட நல்லது, ஏனென்றால் போனது தண்ணி மட்டும் இல்லை, உப்பும்தான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "இவ்வளவு ஆபத்தெண்டால் ஏன் இந்த மருந்து?" என்று ஒருவர் கேட்கலாம். டபிள்யூ. பி. மருந்தை விட்ட அந்தச் சில வாரங்களும், 1970 ஆய்வின் அந்த 21 பேரும்தான் பதில். இருதுருவ மனநிலைக் கோளாற்றில் நோய் திரும்புவதைத் தடுப்பதிலும், தற்கொலையிலிருந்து காப்பதிலும் லித்தியத்துக்கு இன்றைக்கும் வலுவான சான்று உண்டு. பயத்தில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, நிறுத்திய முதல் மாதங்களில் மேனியா திரும்பும் வாய்ப்புக் கூட. நிறுத்துவதென்றாலும் வைத்தியரோடு சேர்ந்து, வாரக்கணக்கில், மெதுவாக.

டபிள்யூ. பி.யைக் கொன்றதும் அவரைப் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்பியதும் ஒரே உப்புத்தான். இரண்டுக்கும் நடுவில் இல்லாமல் போனது, பன்னிரண்டு மணித்தியாலக் கணக்கில் எடுக்கும் ஒரு சின்னப் போத்தல் இரத்தமும், அதில் சிவப்பு எவ்வளவு என்று சொல்ல ஒரு சுடரும்.